கோளறு பதிகமும் குடும்பத்தார் புறப்பாட்டு வழிபாடும்

நெடுவழிச் செல்வோர் புறப்படுமுன் இறைவனை நினைந்து தொழுதல் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு வரும் ஒழுக்கமாகும். விளக்கேற்றி, நெற்றியில் நீறு பூசி, வீட்டுப் பெரியோர் கையால் மீண்டும் ஒருமுறை நீறு பெற்று, பின்னரே வாயிலைக் கடப்பர். புதுவையைச் சார்ந்த கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் ஆகிய ஊர்களில் வாழும் சைவக் குடும்பத்தாரும் இவ்வொழுக்கத்திற்குப் புறம்பானவர் அல்லர். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்காலத்தில் புதுவைப் பகுதியிலிருந்து சைகோன் முதலிய தொலைநகரங்களுக்குக் கப்பலேறினோர் பலர் ஆதலின், அந்நிலத்தார்க்கு நெடுவழி என்பது ஏட்டளவில் அறிந்த பொருள் அன்று. மக்களைக் கடற்கரையில் நின்று வழியனுப்பி அறிந்த பொருளாம்.

அங்ஙனம் புறப்படுங்கால் ஓதப்பெறும் தமிழ்மறைப் பகுதி யாது எனின், பெரும்பாலும் திருஞானசம்பந்தப் பிள்ளையார் அருளிய கோளறு பதிகமே என்க. அது இரண்டாந் திருமுறையில் எண்பத்தைந்தாவதாக வைக்கப்பெற்றது. பியந்தைக்காந்தாரப் பண்ணில் அமைந்தது. திருக்கடைக்காப்பு உட்படப் பதினொரு பாடல்களை உடையது. செல்வோரைக் காக்கும் மறைமொழி என்று அதனை யாவரும் போற்றுகின்றனர். ஆயின் அப்பதிகம் காப்பினை எவ்வாறு கூறுகின்றது, அதனுள் நன்றிக்கு இடம் உண்டோ, குடும்பத்தார் ஒருங்குகூடிச் சொல்லும் சிறு விண்ணப்பம் ஒன்றிற்கு அது எவ்வகையில் இலக்கணமாகும் என்பன ஆராயப்பெறுதல் அரிது. அவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து.

பதிகம் எழுந்த வாயில்

பதிகத்தின் பொருளை அறிதற்கு அது எழுந்த இடத்தை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் பிள்ளையாரும் திருநாவுக்கரசரும் திருமறைக்காட்டில் ஒருங்கு தங்கியிருந்த காலத்தே, பாண்டிமாதேவியாராகிய மங்கையர்க்கரசியாரும் அமைச்சராகிய குலச்சிறையாரும் அனுப்பிய தூதர் மதுரையினின்று வந்தனர். நாட்டின் நிலை கூறிப் பிள்ளையாரை அங்கு எழுந்தருளுமாறு வேண்டினர். பிள்ளையார் புறப்பட ஒருப்பட்டார். அரசர்க்கோ உள்ளம் ஒருப்படவில்லை. எதிர்ப்பக்கத்தார் தமக்கு இழைத்த துன்பங்களை அவர் மறந்திலர். நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லொடு கட்டிக் கடலில் இட்டதும் அவர் தம் மேனியில் ஏற்றவை. அவற்றை எண்ணி, அன்னோர் செய்யும் தீங்கிற்கு எல்லையில்லை என்றும், கோள்களின் நிலையும் நன்றாயில்லை என்றும் கூறித் தடுத்தார். அதற்கு விடையாகப் பிறந்ததே இப்பதிகம் எனச் சேக்கிழார் பெருமான் உரைப்பர்.

ஈண்டு ஒன்று நோக்குதற்குரியது. அரசரது அச்சம் அறியாமையால் எழுந்தது அன்று, அன்பினால் எழுந்தது. தமக்கு நேர்ந்ததனைத் தாம் பொருட்படுத்தாதவர், பிள்ளையார்க்கு நேரக்கூடும் என்று எண்ணியவழிக் கலங்கினார். ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் புறப்பாட்டின்போது நிகழ்வது இதுவே. செல்லும் இளையவர் அஞ்சார். இருக்கும் மூத்தவர் அஞ்சுவர். பிள்ளையார் அவ்வச்சத்தைக் கடிந்துரைக்கவில்லை; கோள் என்பதே இல்லை என்று மறுக்கவும் இல்லை. மூத்தவர் எடுத்துக் கூறிய அச்சங்களையே பாட்டின் பொருளாக ஏற்று, அவற்றிற்கு வேறோர் இடம் வகுத்தார். தாமும் உடன் எழுந்த அரசரை நாட்டிலேயே இருக்குமாறு வேண்டிக்கொண்டு, பின்னர் மதுரைக்கு வழிக்கொண்டார். ஆகவே இப்பதிகம் செல்வோர்க்கு உறுதி கூறுவது மட்டும் அன்று. இருப்போரைத் தேற்றுவதும் ஆம்.

வேண்டுதல் இல்லாத காப்பு

இனிப் பதிகத்தின் யாப்புறவினை நோக்குவோம். முதற் பத்துப் பாடல்களும் ஒரே அமைப்பின. முற்பகுதியில் இறைவன் திருக்கோலம் கூறப்படும். அவன் தமது உள்ளத்துள் புகுந்தான் என்னும் செய்தி அதனை அடுத்து வரும். ‘அதனால்’ என்னும் ஏதுச்சொல் நிற்கும். பிற்பகுதியில் அஞ்சப்படும் பொருள்கள் எண்ணப்பட்டு, அவை அடியார்க்கு மிகவும் நல்லனவாம் என்னும் முடிபு வரும்.

இவ்வமைப்பில் இல்லாதது யாது என்று வினவின், வேண்டுதல் என்பதே விடையாகும். காத்தருள்க என்னும் ஏவல் ஓரிடத்தும் இல்லை. இதனைக் கவச நூல்களோடு ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். தேவராய சுவாமிகள் இயற்றிய கந்தர் சட்டி கவசம் போல்வன உறுப்பு உறுப்பாக எடுத்துக் காக்குமாறு வேண்டுவன. ஆண்டு ஓதுவான் காவலை இனிப் பெறவேண்டியவனாக நிற்கின்றான். கோளறு பதிகத்திலோ பாடுவார் காவலை முன்னரே பெற்றவராக நிற்கின்றார். புகுந்தான் என்பது இறந்தகாலச் செய்தி. அது நிகழ்ந்து முடிந்தது. அதன் பயனே இனி வழியில் காணப்போவது. தருக்க நூலார் முறையிற் சொல்லின், பெற்ற பேறு ஏது, அச்சமின்மை துணிபு.

பெற்றதனைப் பெற்றேன் என்று எடுத்துரைத்தலே நன்றியின் இயல்பு. ஆகவே நன்றி என்னும் பெயர் வழங்கப்பெறாவிடினும், இப்பதிகத்தின் முற்பகுதி முழுதும் நன்றியே. பிற்பகுதி முழுதும் காப்பே. நன்றியும் காப்பும் இருவேறு பொருள்களாக அடுக்கி வைக்கப்படவில்லை. நன்றி காரணமாகக் காப்பு பிறக்கின்றது. ‘முதலிற் காப்பாற்றுக, திரும்பி வந்தபின் நன்றி கூறுவேம்’ என்னும் வணிக முறைக்கு இதனுள் இடமில்லை. புறப்பாட்டு வழிபாட்டிற்கு இப்பதிகம் தரும் முதல் இலக்கணம் இதுவாம்.

புகுந்தவர் யாவர்?

பத்துப் பாடல்களையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு மற்றொரு செய்தி புலப்படும். திருக்கோலங்கள் பலவாக மாறுகின்றன. ஒருகால் வீணை வாசிப்பவன். ஒருகால் விடைமேல் வருபவன். ஒருகால் விசயற்கு அருளிய வேடன். ஒருகால் மன்மதனை விழித்தவன். ஆயினும் பத்தினும் மாறாத ஒன்று உண்டு. அஃதாவது அம்மை உடனிருத்தல். பாகத்திலேனும் பக்கத்திலேனும் அம்மையில்லாத பாடல் அவற்றுள் ஒன்றும் இல்லை.

இது பாட்டின் அழகிற்காக வந்தது என்று கொள்ளுதல் அமையாது. சத்தியாவது இறைவனது அருளே என்பது சித்தாந்தத் துணிபு. அம்மையோடு புகுந்தான் என்பதற்கு அருளாய்ப் புகுந்தான் என்பதே பொருள். தனித்த ஆற்றலாகப் புகுந்தவனை எண்ணி நெஞ்சு நடுங்குதலும் கூடும்; அம்மையப்பனாய்ப் புகுந்தவனை எண்ணி நடுங்குவார் இலர். குடும்பத்தார் கூடி நின்று ஓதுதற்கு இப்பதிகம் தகுதியுடையதாதற்கு இதுவே முதன்மையான காரணம். தாயும் தந்தையும் மக்களுமாக வழிக்கொள்வார்க்குத் துணையாக வருவார் தாயும் தந்தையுமாகவே வருகின்றனர்.

மற்றும் ஒரு நயம் உளது. உள்ளத்துட் புகுந்தான் என்னுமிடத்து உள்ளம் ஒருமையாற் கூறப்பட்டது. பாடுவாரது உள்ளம் அது. பயன் கூறுமிடத்தோ அடியார்க்கு எனப் பன்மையாற் கூறப்பட்டது. ஒருவர் நெஞ்சில் நிகழ்ந்த அருள் பலர்க்கும் நலமாய் விரிகின்றது. வீட்டிலுள்ள ஒருவர்க்கேனும் இறையுணர்வு உண்மையாக வாய்த்ததாயின், அவரைச் சார்ந்து செல்லும் குழந்தைக்கும் முதியோர்க்கும் அதனால் நன்மை உண்டு என்று இதனைக் கொள்ளலாம்.

திருநீலகண்டப் பதிகம் இதற்கு ஓர் ஒப்புமை தரும். கொங்குநாட்டில் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் தங்கிய காலத்து, உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது பிள்ளையார் அதனைப் பாடினர். முதல் திருமுறையின் நூற்றுப் பதினாறாவது பதிகம் அது. ஆண்டுத் தம்மையும் உடன்வந்தாரையும் உளப்படுத்திய பன்மைச் சொல்லே பயின்று வரும். வழியிடையே நோய் வந்தபின் கூட்டத்தார் அனைவர்க்கும் ஒருங்கு பாடியது அது. புறப்படுமுன் ஒருவர் உள்ளத்தினின்று எழுந்து பலர்க்கும் விரிந்தது இது. இரண்டும் வழிநடைப் பதிகங்களே எனினும், நேரம் வேறாதலின் சொல்லும் வேறாயிற்று. புறப்பாட்டில் கோளறு பதிகத்தையும், வழியில் உடல் நலம் குன்றியவழித் திருநீலகண்டப் பதிகத்தையும் ஓதுதல் அவ்வவற்றின் வாயிலுக்கு ஒத்ததாம்.

கோள் அறுதலும் கோள் நல்லதாதலும்

கோளறு பதிகம் என்று வழங்கும் பெயரைக் கேட்டோர், கோள்களின் தீமையை அறுத்தெறியும் கருவி அது என்று எண்ணுவர். பாட்டினுள்ளோ அறுத்தல் கூறப்படவில்லை, நல்லவாதல் கூறப்பட்டது. முதற் பாடலில் ஞாயிறு முதலிய ஏழும் பாம்பு இரண்டுமாகிய ஒன்பது கோள்கள். இரண்டாவதில் பயணத்திற்கு ஆகாத நாள்கள். பின்னர் முறையே பல தெய்வங்கள், நமனும் தூதரும் நோயும், இடியும் மின்னும் பூதமும், புலி யானை பாம்பு கரடி முதலிய விலங்குகள், வெப்பும் குளிரும் வாதமும் பித்தும், ஆழ்கடல் என விரியும் எண்ணில் எதுவும் அழிந்தொழியும் என்று சொல்லப்படவில்லை. அவை இருக்கும், ஆயினும் அடியார்க்கு நல்லனவாய் இருக்கும்.

முதற் பாடலிலேயே இறைவன் நஞ்சுண்ட கண்டனாகப் பேசப்படுதல் இதற்கு ஏற்றதாய் அமைந்தது. நஞ்சு அழிக்கப்படவில்லை, அது கண்டத்தே அடங்கி அணியாயிற்று. அவ்வாறே கோளும் நாளும் அவன் ஏவலுள் அடங்கி நிற்கும் என்பது குறிப்பு. சித்தாந்த நூல்களின் முடிபும் இதுவே. வினை அறிவற்றது ஆதலின் தானே சென்று பயனை ஊட்டமாட்டாது. அதனைச் செய்தார்க்கு ஊட்டுவிப்பவன் இறைவன். வினைக்கே இந்நிலை எனின், கோள்கள் தாமே ஒருவனை வருத்தும் என்பது யாங்ஙனம் பொருந்தும்? அவை கருவியாதல் அன்றி வினைமுதல் ஆகா.

அற்றேல், ஊழ்வினை நுகர்ந்தே தீர்தல் வேண்டும் என்பதும் சித்தாந்தமே அன்றோ, நுகரவேண்டிய இடர் வழியில் இருப்பின் விண்ணப்பம் என் செய்யும் எனின், கூறுதும். பதினான்காம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ‘அணைந்தோர் தன்மை’ என்னும் இறுதி அதிகாரத்துள் இவ்வையத்திற்கு விடை தந்துள்ளார். உடலொடு வந்த வினை உடலோடு கழியும். இடையே புதிதாக ஏறும் வினையை அருள் எரிக்கும் என்பது அவர் கருத்து. எனவே உடலுக்கு வருவது வரலாம். அதனால் உயிர் கலங்கி மீண்டும் வினை ஈட்டாதவாறு காப்பதே அருள் தரும் காப்பு. பதிகம் நல்ல என்று கூறுவதன் பொருளும் இதன்கண் அடங்கும்.

இது வெறும் நூற்கூற்று அன்று என்பதற்குப் பிள்ளையாரது மதுரைப் பயணமே சான்று. பதிகம் பாடிச் சென்றமையால் அவர்க்கு இடர் நேரவில்லையோ எனின், நேர்ந்தது. அவரும் அடியாரும் தங்கிய திருமடத்தில் இரவில் தீ வைக்கப்பட்டது. பாடிய பதிகம் தீயை வாராமல் தடுக்கவில்லை. வந்த தீயினால் பிள்ளையார் சிந்தை திரியாமல் காத்தது. அத்தீ அரசனது முறைகேட்டின் பயன் என்று உணர்ந்து அவனையே சென்று பற்றுமாறு பாடியவர், மெல்லச் சென்று சேர்க என்று அளவிட்டுப் பாடினர். தேவியாரின் மங்கல நாணையும் அமைச்சரின் அன்பையும் எண்ணி அங்ஙனம் செய்தார் எனச் சேக்கிழார் காரணம் காட்டுவர். தன் உறையுளில் தீ எரியும் வேளையில் பிறர்க்கு ஊறு மிகாதவாறு எண்ணும் நெஞ்சமே காக்கப்பட்ட நெஞ்சம். பின்னர் அத்தீ அரசனுக்கு வெப்பு நோயாகி, திருநீற்றால் தீர்ந்து, நாட்டிற்கு நலமாய் முடிந்தது. தீயும் நல்லதாயிற்று என்பதற்கு இதனினும் விளக்கம் வேண்டா.

வழக்கில் நேரும் குறைகள்

இத்துணைச் சிறப்புடைய பதிகம் வீடுகளில் எடுத்தாளப்படும் முறையில் சில குறைகள் உள. நேரம் போதாமையால் முதற் பாடல் ஒன்றையே ஓதி முடிப்பார் பலர். முதற் பாடலில் எண்ணப்பட்டவை கோள்கள் மட்டுமே. ஆதலின் பதிகமே சோதிடப் பரிகாரம் என்னும் எண்ணம் வேரூன்றிற்று. பதிகம் முழுதையும் பண்ணோடு ஓதுதற்குக் கால்மணி நேரம் அளவாகும். அது இயலாதபோது முதற் பாடலோடு திருக்கடைக்காப்பையும் சேர்த்து ஓதுதல் நன்று. திருக்கடைக்காப்பு, கோளும் நாளும் அடியாரை வந்து நலியாமைப் பொருட்டுச் சொல்லப்பட்டது என்று நோக்கத்தை வெளிப்படக் கூறி, ஓதுவார் பெறும் பயனாக வானாட்சியைத் தம் ஆணையிட்டு உரைக்கின்றது. வழி நலம் அதன் உட்பயன். முடிந்த பயன் வீட்டின்பம் என்பது அதனால் விளங்கும்.

பத்தாம் பாடல் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். புத்தரையும் சமணரையும் வாதில் வெல்லுதல் அதன்கண் பேசப்படுகின்றது. பிள்ளையார் சென்றது வாதின்பொருட்டு ஆதலின் அவர் பயணத்திற்கு அது இன்றியமையாதது. இந்நாளில் மக்களை அழைத்துக்கொண்டு காசிக்கோ உறவினர் திருமணத்திற்கோ செல்வார்க்கு வாதம் இல்லை. அவர் அப்பாடலில் திருநீற்றின் உறுதியைக் கூறும் பகுதியைத் தமக்குரியதாகக் கொள்ளுதல் தகும். பகைமையைக் குழந்தைகட்குக் கற்பித்தற்கு அதனை வாயிலாக்குதல் தகாது. அடியார் என்னும் சொல்லின் விரிவை அது சுருக்கிவிடும்.

மற்றொரு குறை நாள்பார்த்தலின் மிகுதி. நாள் கொள்ளும் வழக்கம் தமிழர்க்குப் பழையதே. அரசன் நன்னாளில் தானே எழ இயலாதபோது தன் குடையையும் வாளையும் முன்னே போக்கி வைக்கும் குடைநாட்கோளும் வாணாட்கோளும் புறப்பொருள் இலக்கணத்துள் பேசப்படுவன. ஆகவே அதனை முற்றும் இகழ்தல் வேண்டா. ஆயின் அது வழிபாட்டின் இடத்தைப் பற்றிக்கொள்ளும்போது தீங்காகின்றது. அதனை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துக் காண்போம்.

ஓர் எடுத்துக்காட்டு

கரியமாணிக்கத்தில் உள்ள ஒரு குடும்பம் காசிக்குப் புறப்படுகின்றது என்று கொள்க. பாட்டி வீட்டில் இருக்கின்றார். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் செல்கின்றனர். விழுப்புரம் சென்று புகைவண்டி ஏறவேண்டும். பயணச்சீட்டு முன்னரே வாங்கப்பட்டது. நாள் செவ்வாயாக அமைந்தது, விண்மீன் பூரம். பாட்டி பஞ்சாங்கத்தைப் புரட்டுகின்றார். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், காசியோ வடதிசை. சூலத்திற்குப் பரிகாரமாகப் பால் அருந்திச் செல்லலாம் என்று அதுவே கூறுகின்றது. ஆயின் பூரம்? பயணத்திற்கு ஆகாதன என்று விலக்கப்படும் பன்னிரண்டு நாள்களுள் முப்பூரமும் அடங்கும். பூரம், பூராடம், பூரட்டாதி என்பன அவை. பாட்டியின் முகம் வாடுகின்றது. மருமகள் பதிகநூலை எடுக்கின்றாள்.

இப்போது பதிகத்தின் இரண்டாம் பாடல் கைகொடுக்கும். அதன்கண் ஒன்பது, ஒன்று, ஏழு, பதினெட்டு, ஆறு என எண்களாற் சில நாள்கள் குறிக்கப்படுகின்றன. கார்த்திகையை முதலாக வைத்து எண்ணினால் ஒன்று கார்த்திகை, ஏழு ஆயிலியம், ஒன்பது பூரம், பதினெட்டு பூராடம் ஆகும். அப்பூராடத்தினின்று அதனையும் உளப்படுத்தி எண்ண, ஆறாவது பூரட்டாதி ஆகும். உடனாய நாள்கள் என்பதனால் விலக்கப்பட்ட ஏனையவும் கொள்ளப்படும். இங்ஙனம் எண்ணிப் பொருள் கொள்ளும் முறைப்படி, பாட்டியார் அஞ்சிய பூரமே பெயர் குறிப்பின் அகப்பட்டு, அடியார்க்கு நல்லது என்று பிள்ளையாரால் உரைக்கப்பட்டுவிட்டது. முதற் பாடலோடு நின்றிருப்பின் இது அவர்க்குத் தெரிந்திராது. எண்ணிக் காட்டியபின் பாட்டி தாமே நீறு எடுத்துப் பேரப்பிள்ளைகட்கு இடுவார். அவரது அச்சம் மறுக்கப்படவில்லை, ஏற்றுக்கொள்ளப்பட்டு மாற்றப்பட்டது. திருமறைக்காட்டில் அரசர்க்கு நிகழ்ந்ததும் இதுவே அன்றோ?

ஆயினும் பேரப்பிள்ளைகட்கு இவ்வெண்ணும் நுணுக்கமும் விளங்கா. அவர்களும் வாய்விட்டுச் சொல்லித் தம்முடையது என்று உணரத்தக்க சிறு விண்ணப்பம் ஒன்று பதிகம் ஓதியபின் வேண்டப்படும். பல வீடுகளில் அவ்விடத்தைப் பிடிப்பது நேர்த்திக்கடன். ‘தீங்கின்றித் திரும்பினால் இன்னது செய்வேம்’ என்பது. அது நன்றியைப் பின்னே தள்ளுகின்றது. வேறு சில வீடுகளில் நேரக்கூடும் தீங்குகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக் காக்குமாறு வேண்டுவர். ‘புகுந்தான், அதனால்’ என்னும் ஏது முன்னே நில்லாத இடத்தில் அத்தகைய எண் குழந்தையின் நெஞ்சில் அச்சத்தையே விதைக்கும். இவ்விரு குறையும் நீங்க, மேற்கண்ட இலக்கணங்களை உளங்கொண்டு எளிய உரைநடையில் அமைப்பின், அவ்விண்ணப்பம் பின்வருமாறு அமையலாம்:

“அம்மையப்பரே, இந்நாள்வரை எங்களை ஒரு கூரையின்கீழ் வைத்து, உணவும் உறவும் தந்து வளர்த்தீர்; அதற்கு நன்றியுடையோம். நாங்கள் அழைக்கும் முன்னரே எங்கள் நெஞ்சில் இருக்கின்றீர். ஆதலால் இன்று நாங்கள் செல்லும் வழியும் உம்முடைய வீடே. எங்களை ஏற்றிச் செல்வோரும் எங்களோடு வருவோரும் எதிரே வருவோரும் நலமாகத் தத்தம் இடம் சேர அருளும். வீட்டில் இருப்போர்க்கும் நீரே துணை. வழியில் எது வரினும் நாங்கள் ஒருவரை ஒருவர் சினவாமலும் உம்மை நினையாது விடாமலும் இருக்கச் செய்யும்.”

இதன் பகுதிகள் ஐந்து. முதலாவது பெற்றதனைக் கூறுதல். இரண்டாவது பெற்றதனை ஏதுவாக வைத்து வழிபற்றிய துணிபு கூறுதல். இவ்விரண்டும் முன் நிற்றலால் பின்வரும் வேண்டுகோள்கள் அச்சத்தினின்று எழுந்தன ஆகா. மூன்றாவது, பயனைத் தம்மளவில் நிறுத்தாது அடியார் என்னும் பன்மை போல் வழியிலுள்ளார் அனைவர்க்கும் விரித்தல். வண்டி செலுத்துவான் நலம் நீங்கிய தம் நலம் ஒன்று இல்லை ஆதலின், இது அறமும் ஆம், அறிவும் ஆம். நான்காவது இருப்போரை உளப்படுத்தல். ஐந்தாவது, இடர் வாராமையை வேண்டாது, இடரில் நெஞ்சு திரியாமையை வேண்டுதல்.

வேண்டுதலே இல்லாத பதிகத்தை இலக்கணமாகக் காட்டி, வேண்டுதலுடைய விண்ணப்பத்தை அமைத்தல் மாறுகொளாதோ எனின், மாறுகொளாது. பிள்ளையார் அருள் நிறைந்து வழியும் நிலையில் நின்று பாடினர். குடும்பத்தார் அந்நிலையை நோக்கி நடப்பவர். நடப்பவர்க்கு வேண்டுதல் ஊன்றுகோல். ஊன்றுகோல் முன்னே செல்லாமல், நன்றியாகிய கால் முன்னே செல்லுதல் வேண்டும் என்பதே இங்குக் கருதியது.

இவ்விண்ணப்பத்தை மூத்தவர் ஒவ்வொரு தொடராகச் சொல்ல மற்றையோர் பின்தொடர்ந்து சொல்லுதல் ஏற்றது. மூட்டை முடிச்சுகள் வாயிலில் வைக்கப்பட்டு, வண்டி வந்து நிற்கும் வேளையில் விரைந்து சொன்னால் ஓசை மட்டும் எஞ்சும். அதற்குச் சற்று முன்னர் விளக்கின் எதிரே அமர்ந்து சொல்லுதல் வேண்டும். சொல்லி முடித்தபின் குழந்தை ‘அப்படியாயின் ஒன்றும் ஆகாதன்றோ?’ என்று வினவுமாயின், அது பதிகத்தைக் கவசமாகக் கொண்டது என்பதும், ‘என்ன ஆயினும் அவர் உடனிருப்பார் அன்றோ?’ என்று வினவுமாயின், பொருளை உணர்ந்தது என்பதும் அறியப்படும்.

கரியமாணிக்கத்திற்கு வடக்கே, புதுவையினின்று விழுப்புரம் செல்லும் பெருவழியில், பிள்ளையார் பாடல் பெற்ற திருவடுகூர் இருக்கின்றது. திருவாண்டார்கோயில் என இந்நாள் வழங்குவது அது. காசிக்குச் செல்லும் அக்குடும்பத்தார் அவ்வழியே செல்லுங்கால் பேருந்தினின்றே கைகூப்புவர். புறப்பட்ட வீட்டில் நினைந்த அம்மையப்பர் முதல் திருப்பத்திலேயே அங்கும் இருக்கக் காண்பர். பாட்டியார் அந்நேரம் வீட்டில் விளக்கிற்கு எண்ணெய் வார்த்துக்கொண்டிருப்பார்.

திருச்சிற்றம்பலம்.